அடியில் ஒரே ஸ்வரம், மேலே ஓர் அரைச்சுரம்: ஃப்ரிஜியனில் இருட்டை எழுதுவது

கிட்டார் பக்கத்தில் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது தந்தி, அதாவது ஆகத் தடித்த தந்தி. இடது கையால் எங்கும் அழுத்த வேண்டாம். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திமேல் லேசாகப் படிய வைத்து, எட்டு முறை சீராகத் தட்டுங்கள். 'டுக் டுக்' என்று அடங்கின ஒலி வரும். அது ஈ. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சி-யிலிருந்து எண்ணினால் மூன்றாவது எழுத்து, நம் ஊர்க் கணக்கில் மூன்று கட்டை. இப்போது முதல் ஃப்ரெட்டை அழுத்தி ஒரே ஒரு முறை தட்டிவிட்டு, உடனே விரலை எடுத்து மறுபடி ஈ-க்கே வாருங்கள். இடையில் வந்துபோனது எஃப். அந்த ஒரு தட்டில் அறையின் வெளிச்சம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு தட்டைப் பற்றித்தான். ஃப்ரிஜியன் மோடில் இருண்ட, பதற்றமான பகுதி ஒன்றை எழுத உட்காரும் பலர் ஏழு ஸ்வரங்களையும் முதல் நான்கு பாரிலேயே கொட்டிவிடுகிறார்கள். ஸ்கேல் சரியாக இருக்கும், பயம் மட்டும் வராது. பயம் ஸ்கேலில் இல்லை. அசையாத ஒரு தாழ்ந்த ஸ்வரத்தின் மேல் எஃப் எப்போது வருகிறது, எந்த உயரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கீபோர்டில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் ஈ-யில் தொடங்கி அடுத்த ஈ வரை போனால் ஃப்ரிஜியன். ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி, டி. இதையே ஈ மைனரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரே இடத்தில் வருகிறது. மைனரில் இரண்டாவது ஸ்வரம் எஃப்-ஷார்ப், இங்கே வெறும் எஃப். மற்ற ஆறும் அப்படியே. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் மைனர் என்பது நடபைரவி, ஃப்ரிஜியன் என்பது 8-ஆவது மேளகர்த்தாவான ஹனுமதோடி. சதுஸ்ருதி ரிஷபம் சுத்த ரிஷபமாக இறங்கியது ஒன்றுதான் மாற்றம். ஆக, கேட்பவரின் காதுக்கு 'இது ஃப்ரிஜியன்' என்று சொல்லக்கூடிய ஸ்வரம் எஃப் மட்டுமே. கையிலிருக்கும் பணம் அவ்வளவுதான். அதை எடுத்த எடுப்பில் செலவழித்துவிட்டால் மிச்சப் பாட்டுக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

தோடி என்றதும் ஒரு நியாயமான கேள்வி எழும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியைக் கேட்டு யாராவது நடுங்கியதுண்டா? இல்லை. விரிவும் கம்பீரமும் உருக்கமும் இருக்கிறது, திகில் இல்லை. ஸ்வரங்கள் அதே இடங்கள்தாம். ஆனால் தோடியில் காந்தாரமும் ரிஷபமும் ஓரிடத்தில் குத்திட்டு நிற்பதில்லை. கமகத்தில் அசைந்து, பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டு மீள்கின்றன. ஸட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவே இருக்கும் அந்தக் குறுகலான இடைவெளி கத்தி விளிம்பாக நிற்பதே இல்லை, வழவழப்பாகிவிடுகிறது. மேற்கிலும் இதற்குச் சாட்சி உண்டு. தாமஸ் டாலிஸ் 1567-இல் பைபிள் சங்கீதங்களின் ஆங்கிலப் புத்தகம் ஒன்றுக்கு எழுதிய ஃப்ரிஜியன் மெட்டை எடுத்து, வான் வில்லியம்ஸ் 1910-இல் தந்தி வாத்தியங்களுக்கு ஒரு ஃபேன்டசியா எழுதினார். பழைய கல்கோயிலுக்குள் நிற்பது போன்ற கனம் அதில் இருக்கிறது. அச்சம் கிடையாது. மோட் தானாகவே பயமுறுத்தும் என்றால் இவை எல்லாமே பயமுறுத்தியிருக்க வேண்டும்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரிஜியா என்பது இன்றைய துருக்கியில் இருந்த பழைய நாடு. கிரேக்கர்கள் 'ஃப்ரிஜியன்' என்று சொன்னது வேறொரு ஸ்வர வரிசையை. இடைக்கால ஐரோப்பியர்கள் கிரேக்கப் பெயரை எடுத்து ஈ-யில் தொடங்கும் வரிசைக்கு மாட்டிவிட்டார்கள். அதனால் அந்த நாட்டின் குணத்தை இந்த மோடில் தேட வேண்டியதில்லை.)

கமகத்தை எடுத்துவிட்டு எஃப்பை அசையாமல் நிறுத்தி, அடியில் ஈ-யையும் அசையாமல் நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே எது மாறினாலும் அதை விடாமல் இருப்பதற்குப் பெடல் பாயின்ட் என்று பெயர். ஆர்கன் வாசிப்பவர் காலால் மிதிக்கும் கட்டையிலிருந்து வந்த பெயர் அது. நமக்குத் தம்புரா பழகிய ஒன்று, ஆகவே கருத்து புதிதல்ல. ஆனால் தம்புராவுக்கும் இங்கே நாம் எழுதப்போகும் தாழ்ந்த ஈ-க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தம்புராவில் ஒரு மீட்டு அடங்குவதற்குள் அடுத்த மீட்டு வந்து கலந்துவிடும். இடைவெளி காதில் விழாது. அது தரை மாதிரி, நிற்பதற்கு நம்பிக்கை கொடுக்கும். பதற்றம் வேண்டுமென்றால் அந்தத் தரையைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். குறுகிய தட்டு, உடனே ஒரு சிறு மௌனம், மறுபடி தட்டு. ஒவ்வொரு மௌனத்திலும் 'அடுத்தது வருமா' என்று காது கேட்கிறது, ஒவ்வொரு தட்டும் 'வந்தேன்' என்கிறது. நீட்டிப் பிடித்த ஸ்வரம் காலத்தை மறக்க வைக்கும். திரும்பத் திரும்பத் தட்டுகிற ஸ்வரம் காலத்தை எண்ண வைக்கும்.

தம்புரா செய்கிற இன்னொரு வேலையை மட்டும் இந்தப் பெடலும் அப்படியே செய்ய வேண்டும். கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோடியின் ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தைவதத்தை ஸட்ஜமாக்கினால் சங்கராபரணம், மத்யமத்தை ஸட்ஜமாக்கினால் நடபைரவி. மேற்கத்தியக் கணக்கிலும் இதே ஆபத்துதான். ஈ ஃப்ரிஜியனில் இருக்கும் ஏழு ஸ்வரங்களும் சி மேஜரிலும் ஏ மைனரிலும் இருக்கின்றன. காது எப்போதும் பழகின வீட்டைத்தான் தேடும். கொஞ்சம் இடம் கொடுத்தாலும் சி-யையோ ஏ-யையோ வீடாக எடுத்துக்கொண்டுவிடும். அப்படி ஆனபின் உங்கள் ஈ வீடாக இருக்காது, வாசல்படி ஆகிவிடும்.

ஏ மைனருக்கு நழுவுவதுதான் அதிகம் நடக்கிறது, கண்டுபிடிக்கக் கஷ்டமானதும் அதுவே. ஏ மைனரில் எஃப்பிலிருந்து ஈ-க்கு இறங்குவது மிகச் சாதாரண நடை, ஆறாவது ஸ்வரத்திலிருந்து ஐந்தாவதுக்கு வருவது. கேட்பவருக்கு அது 'இன்னும் வீடு வரவில்லை, அடுத்து ஏ வரும்' என்று ஒலிக்கும். ஈ மேஜர் கார்டு போட்டுவிட்டால், அதாவது ஜி-ஷார்ப் உள்ளே வந்துவிட்டால், இந்த நழுவல் இன்னும் வேகமாகும். ஸ்பெயினின் ஃபிளமெங்கோவில் ஏ மைனர், ஜி, எஃப், ஈ மேஜர் என்று இறங்கி ஈ-யிலேயே நிற்கும் மரபு உண்டு. அங்கே அந்த ஜி-ஷார்ப்தான் அழகு. ஆனால் அதன் நிறம் வேறு, வெயிலும் வீறாப்பும் கொண்டது. நாம் எழுதும் இருட்டுக்கு அது உதவாது.

நழுவியதா இல்லையா என்று பார்க்க ஒரு எளிய சோதனை போதும். எழுதிய பகுதியை முழுக்க ஓடவிட்டு, முடிந்த உடனே ஒரு ஏ மைனர் கார்டை அழுத்துங்கள். 'அப்பாடா, வந்து சேர்ந்தோம்' என்று இருந்தால் உங்கள் ஈ தோற்றுவிட்டது. சம்பந்தமில்லாத யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த மாதிரி இருந்தால் ஈ நிற்கிறது. தோற்றுவிட்டால் மருந்து இரண்டு. மேலே வரும் மெலடியில் ஏ ஸ்வரத்தைத் தட்டு விழும் இடங்களிலிருந்து எடுத்துவிடுங்கள், அங்கே பி-யை வையுங்கள். ஈ-யின் பஞ்சமம் பி. அது கேட்டுக்கொண்டே இருக்கும்வரை ஈ-யை வீடு இல்லை என்று காது சொல்லாது.

இப்போது ஒரு பகுதியை ஆரம்பத்திலிருந்து கட்டிப் பார்க்கலாம். ஒரு குறும்படத்தில் 40 விநாடிக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போன வீட்டில் ஒருவர் மாடிப்படி ஏறுகிறார், மேலே ஒரு கதவு, காட்சி அதன் முன் முடிகிறது. டெம்போ 96, நான்கு அடிக்கு ஒரு பார். அப்படியானால் ஒரு பார் சரியாக 2.5 விநாடி, 16 பாரில் 40 விநாடி முடிந்துவிடும். வாத்தியங்கள்: தாழ்ந்த ஈ-க்கு செல்லோவும் டபுள் பேஸும், மேலே ஒரு வியோலா, பிறகு ஒரு வயலின் குழு. நான்கு தந்தி டபுள் பேஸின் ஆகத் தாழ்ந்த தந்தி ஈ-தான். பேஸ் கிட்டாரிலும் கிட்டாரிலும் அதுவே. ஃப்ரிஜியன் பகுதிகள் இத்தனை முறை ஈ-யில் எழுதப்படுவதற்கு இந்தத் திறந்த தந்தி பெரிய காரணம். இடது கையின் வேலையே இல்லாமல் அடி ஸ்வரம் கிடைக்கிறது, எஃப் ஒரு விரல் தூரத்தில் காத்திருக்கிறது.

முதல் நான்கு பாரில் ஈ தவிர வேறொன்றும் கிடையாது. ஒரு பாருக்கு எட்டுத் தட்டுகள். ஸ்வரம் மாறாததால் அழுத்தம் மாற வேண்டும். எட்டையும் 3, 3, 2 என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவின் முதல் தட்டையும் ஓங்கி அடிக்கிறோம். கணினியில் எழுதினால் ஒரு பாரின் வெலாசிட்டி எண்கள் இப்படி இருக்கலாம்:

```
E2   E2   E2   E2   E2   E2   E2   E2
100  70   66   97   68   64   92   71
```

எல்லாவற்றையும் 90-இல் வைத்தால் அடுத்த அறையில் ஓடும் தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும், பத்து விநாடியில் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிடும். 3, 3, 2 வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டாவது அழுத்தம் நான்காவது தட்டில் விழுகிறது, அதாவது இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில். காலால் தாளம் போடுபவரின் பாதம் மேலே இருக்கும் நேரம் அது. படி ஏறுகிறவர் ஒரு படியை உணராமல் கால் வைத்த மாதிரி ஒரு சின்னத் தடுமாற்றம் ஒவ்வொரு பாரிலும் நடக்கிறது.

ஐந்தாவது பாரில் வியோலா நுழைகிறது. எஃப்போடு அல்ல. பி-யில் நான்கு அடி நிற்கிறது, ஆறாவது பாரில் சி-க்கு ஏறி இரண்டு அடி, மறுபடி பி-க்கு இறங்கி இரண்டு அடி. ஏழாவது பாரில் ஜி, எட்டாவதில் மறுபடி பி. இந்த எட்டு பாரையும் கேட்டவர் ஈ மைனர் என்றுதான் நினைப்பார், அப்படி நினைக்கட்டும். அவருடைய மனதில் எஃப்-ஷார்ப் இருக்கிறது, நாம் அதை ஒருமுறைகூட வாசிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நடுவில் பி-சி-பி என்று வந்த அரைச்சுர அசைவு, பின்னால் வரப்போகும் எஃப்-ஈ அசைவின் நிழல். அதே இடைவெளி, ஆனால் ஆபத்தில்லாத இடத்தில்.

எட்டு பார், 20 விநாடி, எஃப் இல்லாமல். எழுதும்போது இது தாங்க முடியாத நீளமாகத் தோன்றும். கை எஃப்பைத் தேடும். கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், பழக்கத்தில் எஃப்-ஷார்ப் வந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈ மைனரில் ஊறிய கைகளுக்கு ஜி-யிலிருந்து ஈ-க்கு இறங்கும்போது நடுவில் எஃப்-ஷார்ப் தானாக வரும். பின்னணியில் ஒரு முறை வந்தால்கூட, பிறகு வரும் எஃப் காதுக்குத் தவறு செய்த வாத்தியக்காரன் மாதிரிக் கேட்கும், அபாயம் மாதிரிக் கேட்காது.

ஒன்பதாவது பாரில், 20-ஆவது விநாடியில், எஃப் வர வேண்டும். பாரின் முதல் தட்டிலேயே வந்தால் எதிர்பார்த்த விருந்தாளி. அதற்குப் பதில் முதல் தட்டில் வியோலா மௌனமாக இருக்கிறது, நான்காவது தட்டில் நுழைகிறது. கிட்டத்தட்ட ஒரு விநாடி தாமதம். அடியில் ஈ ஓங்கி விழுகிற அதே தடுமாற்றத் தட்டில், மேலே எஃப் ஒலிக்கிறது. வில்லை மெதுவாக இழுத்து, அதிர்வு இல்லாமல், தட்டையான ஒலியில். விப்ராட்டோ கொடுத்தால் அது கமகத்தின் வேலையைச் செய்துவிடும், விளிம்பு மழுங்கிப்போகும். அந்த எஃப்பை ஒன்பதாவது பார் முடியும்வரையும் பத்தாவது பாரில் இரண்டு அடி வரையும் பிடித்துவிட்டு, மீதி இரண்டு அடியில் ஈ-க்கு இறக்குகிறோம். இந்த மோடில் வீட்டுக்கு வழி மேலிருந்துதான். மேஜரிலும் வழக்கமான மைனரிலும் அரைச்சுரம் கீழேயிருந்து ஏறி வீட்டை அடையும். இங்கே அரைச்சுரம் மேலே இருக்கிறது. வீட்டுக்கு வருவது என்பது இறங்குவது, அமுங்குவது. இந்த உணர்வைக் கெடுக்க டி-ஷார்ப் ஒன்று போதும். பி-செவன்த் கார்டு போட்டு ஈ-க்கு வரும் பழக்கத்தை இந்தப் பகுதிக்குள் அனுமதிக்கக் கூடாது.

எஃப் எந்த ஸ்தாயியில் இருக்க வேண்டும் என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். 'இருட்டு என்றால் தாழ்ந்த ஒலி' என்று எண்ணி ஈ-யையும் எஃப்பையும் சேர்த்து அடியிலேயே அழுத்துகிறார்கள். கணக்கைப் பாருங்கள். டபுள் பேஸின் ஈ 41.2 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த எஃப் 43.65. இரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டரை முறை ஒலி எழுந்து அடங்கும். மெதுவான ஆட்டம். கேட்பவருக்குச் சுருதி சேராத வாத்தியம் என்றே தோன்றும். ஒரு ஸ்தாயி மேலே போனாலும் விநாடிக்கு ஐந்து முறைதான். அதே எஃப்பை நடு ஸ்தாயிக்குக் கொண்டுபோய் 349 ஹெர்ட்ஸில் வைத்தால் கதை மாறுகிறது. செல்லோவின் 82.4 ஹெர்ட்ஸ் ஈ-க்குள் அதன் நான்கு மடங்கான 329.6-உம் உபஸ்வரமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் நம் எஃப்புக்கும் வித்தியாசம் சுமார் 20. விநாடிக்கு 20 முறை துடிப்பதைக் காதால் எண்ண முடியாது, கரகரப்பாகத்தான் உணர முடியும். அந்தக் கரகரப்புதான் நமக்கு வேண்டிய சொரசொரப்பு. வியோலா தனியாக இனிமையாக வாசித்தாலும் அடியில் இருக்கும் ஈ அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு ஸ்வரங்களையும் ஒரே நேரத்தில் ஒலிக்காமல் மாற்றி மாற்றித் தாழ்ந்த ஸ்தாயியில் வாசிப்பது வேறு விஷயம். அது நன்றாக வேலை செய்யும். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் எழுதிய சுறா இசை அந்த வகை. ஈ, எஃப் என்ற இரண்டே ஸ்வரம், தாழ்ந்த தந்திகளில், முதலில் நீண்ட இடைவெளி விட்டு, பிறகு இடைவெளி சுருங்கிச் சுருங்கி. அங்கே அடி ஸ்வரமே நகர்கிறது, பயம் நெருங்கி வருகிறது. நாம் எழுதும் பகுதியில் அடி நகர்வதில்லை. பயம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது.

பதினொன்று, பன்னிரண்டாம் பார்களில் வயலின் குழு சேர்கிறது, இங்கே எஃப் கார்டு வேண்டும். நான் இந்த இடத்தில் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். நண்பர் ஒருவரின் குறும்படத்துக்கு எழுதும்போது ஈ பெடலின் மேல் எஃப் மேஜர் கார்டை முழுமையாக வைத்தேன். எஃப், ஏ, சி. தாளில் பார்த்தால் ஃப்ரிஜியனின் மையமான கார்டு அதுதான். ஓடவிட்டதும் இயக்குநர் சிரிக்கவில்லை, குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அண்ணே, அந்த இடத்துல மட்டும் ஏன் லவ் சீன் மாதிரி ஆகுது?" என்று கேட்டார். அவர் காது சரி. ஈ, எஃப், ஏ, சி நான்கும் சேர்ந்தால் எஃப் மேஜர் செவன்த் ஆகிறது. மெல்லிசைகளில் மழை பெய்யும் ஜன்னலுக்கு எழுதுகிற கார்டு. பரவலாக, மெதுவாக, வயலின்களில் வைத்தால் ஈ-க்கும் எஃப்புக்கும் நடுவே இருக்கிற உரசலை ஏ-யும் சி-யும் சேர்ந்து தேனில் முக்கிவிடும்.

தீர்வு ஏ-யை எடுத்துவிடுவது. எஃப்பும் சி-யும் மட்டும், வெறும் பஞ்சம இடைவெளி. பதினொன்றாவது பாரில் எஃப்-சி, பன்னிரண்டாவதில் அப்படியே அரைச்சுரம் இறங்கி ஈ-பி. இரண்டு குரலும் சேர்ந்து ஒரே அளவு இறங்குவதைப் பாடப்புத்தகங்கள் தவிர்க்கச் சொல்லும், இங்கே அந்த விறைப்புதான் தேவை. மூன்றாவது ஸ்வரம் இல்லாததால் கார்டு மேஜரும் இல்லை மைனரும் இல்லை. இனிமை சேர இடமில்லை. இதுவும் போதாவிட்டால் கார்டை நீட்டாமல் அரை அடியில் வெட்டிவிடுங்கள். மேஜர் செவன்தின் இனிமைக்கு நேரம் வேண்டும், நேரம் கொடுக்காவிட்டால் அது பூக்காது.

30-ஆவது விநாடியில் பதின்மூன்றாவது பார். இதுவரை தனித்தனியே வந்த எஃப்பையும் பி-யையும் இப்போது ஒன்றாக வைக்கிறோம். எஃப்பிலிருந்து பி மூன்று முழுச் சுரங்கள் தள்ளி இருக்கிறது. ட்ரைடோன் என்பார்கள். ஈ வீடுதான் என்று இத்தனை நேரம் உறுதி சொல்லிக்கொண்டிருந்த பி-யே இப்போது எஃப்போடு சேர்ந்து முறைக்கிறது. இரண்டு பார் போதும். வயலின் பி-யைப் பிடித்திருக்க, வியோலா எஃப், ஈ, எஃப், ஈ என்று முதலில் இரண்டு அடிக்கு ஒருமுறை, அடுத்த பாரில் ஓர் அடிக்கு ஒருமுறை மாறிவிட்டு எஃப்பில் வந்து நிற்கட்டும். ஒலியைக் கூட்ட வேண்டாம். வேகம் கூடினாலே ஒலி கூடியதாகத் தோன்றும்.

பதினைந்தாவது பாரில் தாழ்ந்த ஈ நிற்கிறது.

35 விநாடியாக விடாமல் தட்டிக்கொண்டிருந்த ஒன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடுகிறது. மேலே எஃப்பும் பி-யும் மட்டும் மெல்லியதாகத் தொங்குகின்றன. நான் இதை முதலில் எழுதியபோது பெடல் உண்மையில் நின்றுவிட்டதா என்று திரையில் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது, அந்த அளவுக்குக் காது அதைத் தானாகவே தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. கேட்பவர் இப்போது அந்த ஈ-யை உள்ளுக்குள் வாசிக்கிறார், அதன் 3, 3, 2 அழுத்தத்தோடு. திரும்பத் திரும்பத் தட்டியதன் பலன் அதை நிறுத்தும்போதுதான் முழுக்கக் கைக்கு வருகிறது. ஆனால் இந்த மௌனம் ஒன்றரை பாருக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் உள்ளே ஓடும் தட்டு அடங்கிவிடும், எஃப்பும் பி-யும் தரையில்லாத இரண்டு ஸ்வரங்களாகி வேறெந்த வீட்டை வேண்டுமானாலும் தேடிப் போய்விடும்.

பதினாறாவது பாரில் வயலினின் பி போய்விடுகிறது. எஃப் மட்டும் இரண்டு அடி. மூன்றாவது அடியில் எஃப் அறுபடுகிறது, அதே கணத்தில் செல்லோவும் பேஸும் சேர்ந்து ஈ-யை ஒரே ஒருமுறை தட்டுகின்றன. எஃப் ஈ-க்கு இறங்க வேண்டும் என்று காது காத்திருந்தது உண்மைதான். ஆனால் பக்கத்துப் படிக்கு இறங்கவில்லை, இரண்டு மூன்று ஸ்தாயி கீழே விழுந்துவிட்டது. வீடு வந்தது, வந்த விதம்தான் சரியில்லை. காட்சியில் கை கதவைத் தொடும் இடம் அது.

எழுதி முடித்ததும் ஒருமுறை போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதில்தான் கேட்கப்போகிறார்கள். சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை வெளியே கொண்டுவர முடியாது, 82-உம் பெரும்பாலும் போய்விடும். அடி ஸ்வரம் காணாமல் போனால் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது. வெறும் வியோலா எஃப் மேஜரில் ஏதோ யோசிக்கிற மாதிரி இருக்கும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றுவது இதற்குத் தீர்வாகாது, இல்லாத ஒன்றை எவ்வளவு ஏற்றினாலும் வராது. செல்லோவின் வில் தந்தியில் உரசும் சத்தத்தை, கிட்டார் என்றால் பிக் தட்டும் சத்தத்தைக் கொஞ்சம் வெளியே கொண்டுவாருங்கள். 165 ஹெர்ட்ஸில், அதாவது இன்னொரு ஸ்தாயி மேலே, மிக மெல்லிய ஒரு ஈ-யை அதே தட்டுகளில் சேருங்கள். தனியாகக் கேட்டால் காதில் விழாத அளவுக்குத்தான். உபஸ்வரங்கள் கிடைத்தால் போதும், விட்டுப்போன அடியைக் காதே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அந்த ஏ மைனர் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். வாத்தியங்கள் சேரச் சேர ஈ நழுவியிருக்கலாம். எனக்கு அது பெரும்பாலும் பதின்மூன்றாவது பாரில்தான் நடக்கும். வியோலா இறங்கும்போது பழக்கத்தில் ஏ-யைத் தொட்டிருக்கும்.